நோட்டீஸ் எந்த முகவரிக்குப் போக வேண்டும்?

கேள்வி: ஐயா, நாங்கள் சென்னை மடிப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000. காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ் என்று அக்ரிமென்ட்டில் இருந்தது. ஓனர் ஷார்ஜாவில் இருக்கிறார். மார்ச் 1ஆம் தேதி வாட்ஸ்அப்பில், 'ஏப்ரல் 30 அன்று காலி செய்கிறோம்' என்று எழுதினேன். 'சரிம்மா, புரோக்கரிடம் சொல்லிவிடுகிறேன்' என்று பதில் போட்டார். சொன்ன தேதியில் காலி செய்து சாவியை அவர் தம்பியிடம் கொடுத்தோம். இப்போது, அக்ரிமென்ட்டில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வரவில்லை, அதனால் இரண்டு மாத வாடகை 36,000 போக மீதிதான் தருவேன் என்கிறார். அந்த முகவரி தஞ்சாவூரில் அவர் அப்பா இருந்த வீடு. அதை விற்றுவிட்டார்களாம். பணம் கேட்டு அங்கே அனுப்பிய கடிதம் 'லெஃப்ட்' என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. அக்ரிமென்ட்டில் இருப்பது இவ்வளவுதான்: 'நோட்டீஸ் எதுவாயினும் எழுத்து மூலம், பதிவுத் தபாலில், மேற்கண்ட முகவரிகளுக்கு அனுப்பப்பட வேண்டும்.' இந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பா? அடுத்த வீட்டுக்கு அக்ரிமென்ட் போடப் போகிறோம். அதில் என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு வாசகி, சென்னை

பதில்:

அந்த வரிக்கு மதிப்பு உண்டு அம்மா. ஆனால் அதை வைத்து உங்கள் 36,000 ரூபாயைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

நோட்டீஸ் முகவரிப் பிரிவு எதற்காக இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். எதிராளி கடிதத்தைப் படித்தே ஆக வேண்டும் என்பதற்காக அதை யாரும் எழுதுவதில்லை. கடிதம் கைக்குப் போகாவிட்டால் அந்த நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதற்காகத்தான் எழுதுகிறோம். சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையில் அனுப்பிவிட்டால் அனுப்பியவரின் வேலை முடிந்தது. அந்த முகவரியில் ஆள் இருக்கிறாரா, தபாலை வாங்க யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது அந்த முகவரியைக் கொடுத்தவரின் பொறுப்பு.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், பிரிவு 27, தபாலில் அனுப்பலாம் என்று ஒரு சட்டம் சொல்லும் ஆவணங்களைப் பற்றியது. சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் காலத்தில் அது சேர்ந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. சேரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிர்த் தரப்பு. வாடகை நோட்டீஸுக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஏனென்றால் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 106, வாடகையை முடித்துக்கொள்ளும் நோட்டீஸ் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்றும், அதைத் தபாலில் அனுப்பலாம் அல்லது நேரில் கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டு மாதம் என்று ஒப்புக்கொண்டதால் உங்களுக்கு இரண்டு மாதம்.

இதில் 'சரியான முகவரி' என்ற இடத்தில்தான் சண்டை வரும். ஓனருக்குத் தஞ்சாவூரில் ஒரு வீடு, ஷார்ஜாவில் ஒரு வீடு, ஆதார் அட்டையில் மூன்றாவது ஒரு முகவரி என்றால் எது சரியானது? அந்தக் கேள்வியே எழாமல் இருக்கத்தான் அக்ரிமென்ட்டில் ஒன்றை எழுதிவைக்கிறோம். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முகவரியை, பிறகு அவரே தவறான முகவரி என்று சொல்வது கடினம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மார்ச் 1ஆம் தேதி நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அக்ரிமென்ட் கேட்ட வடிவத்தில் இல்லை. கையெழுத்து இல்லை, பதிவுத் தபாலில் போகவில்லை, அந்த முகவரிக்கும் போகவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. அவருடைய வக்கீல் முதலில் சொல்லப்போவது இதைத்தான்.

உங்கள் பக்கம் இருக்கும் பலம் அவருடைய பதில். 'சரிம்மா, புரோக்கரிடம் சொல்லிவிடுகிறேன்' என்று அவர் எழுதியபோது, நோட்டீஸ் கிடைத்தது, தேதி புரிந்தது, அதை ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்குகிறேன் என்று மூன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார். அதை நம்பித்தான் நீங்கள் வேறு வீடு தேடி, அட்வான்ஸ் கொடுத்து, ஏப்ரல் 30 அன்று வெளியேறினீர்கள். அவர் தம்பி மறுபேச்சில்லாமல் சாவியை வாங்கிக்கொண்டார். தன் சொல்லாலும் நடத்தையாலும் ஒருவரை ஒரு விஷயத்தை நம்பவைத்து, அதன்படி அவர் நடந்த பிறகு, 'அது அப்படி இல்லை' என்று பின்வாங்கச் சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. மார்ச் மாதமே 'முறைப்படி தபாலில் அனுப்பு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பீர்கள், பிரச்சினையே இருந்திருக்காது. அதை அவர் எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பிரிவில் 'அனுப்பப்பட வேண்டும்' என்று இருக்கிறதே தவிர, 'வேறு எந்த முறையில் தந்தாலும் செல்லாது' என்று இல்லை. அப்படி இருந்திருந்தால் உங்கள் நிலை இதைவிட பலவீனமாக இருந்திருக்கும். சில அக்ரிமென்ட்டுகளில், 'ஒரு தரப்பு சலுகை காட்டினாலும் எழுத்தில் தராதவரை உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது' என்று வேறொரு மூலையில் ஒரு வரி இருக்கும். உங்களுடையதை ஒருமுறை முழுதாகப் படித்து, அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். அப்போதும் அவருடைய வாட்ஸ்அப் பதிலே 'எழுத்தில் தந்தது' என்று வாதாட இடம் உண்டு.

அப்புறம், திரும்பி வந்த கவர். அதைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஒட்டியது ஒட்டியபடியே, தபால்காரரின் குறிப்போடு, பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் அதைப் பிரித்துக் காட்டும்போதுதான் உள்ளே என்ன இருந்தது என்பதில் சந்தேகம் வராது. பலர் வந்த அன்றே கிழித்துப் பார்த்துவிட்டு, வெறும் கடிதத்தை மட்டும் எடுத்து வருவார்கள். கவர் போய்விட்டால் முகவரியும் முத்திரையும் குறிப்பும் போய்விடும்.

கவரின் மேல் தபால்காரர் எழுதும் வார்த்தைக்கு ஏற்பச் சட்ட விளைவு மாறும். 'வாங்க மறுத்தார்' என்று இருந்தால் அது சேர்ந்ததற்குச் சமம். 'கதவு பூட்டியிருக்கிறது', 'அறிவிப்பு கொடுத்தும் வந்து வாங்கவில்லை' போன்ற குறிப்புகளையும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கின்றன. காசோலை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2007இல் வந்த சி.சி. அலவி ஹாஜி வழக்கின் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் 'லெஃப்ட்', அதாவது அந்த முகவரியை விட்டுப் போய்விட்டார் என்ற குறிப்பு அவ்வளவு பலமானதில்லை. ஆள் அங்கே இல்லை என்று தபால் துறையே சொல்வதால், 'எனக்குச் சேரவில்லை' என்று காட்ட அது அவருக்கே சாட்சியாகிவிடும்.

இந்த இடத்தில்தான் நன்றாக எழுதிய முகவரிப் பிரிவுக்கும் உங்களுடையதுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். 'முகவரி மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்கும்வரை பழைய முகவரிக்கு அனுப்புவதே போதுமானது' என்று ஒரு வாக்கியம் கூடுதலாக இருந்திருந்தால், 'லெஃப்ட்' என்ற குறிப்பு உங்களை ஒன்றும் செய்யாது. வீட்டை விற்றுவிட்டுச் சொல்லாமல் இருந்தது அவர் தவறு என்று ஒரே வரியில் முடிந்துவிடும். உங்கள் அக்ரிமென்ட்டில் அது இல்லாததால், அதே முடிவுக்கு வாதாடித்தான் போக வேண்டும். இருந்தாலும் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. இல்லாத வீட்டின் முகவரியைத் தந்துவிட்டு, 'அங்கே ஏன் நோட்டீஸ் அனுப்பவில்லை' என்று கேட்பவர், அங்கே அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்த உங்கள் கவரே அதற்குச் சாட்சி. அதனால்தான் அதைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒரு கடிதம். பழைய கதையெல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும். மார்ச் 1 செய்தி, அவர் பதில், ஏப்ரல் 30 அன்று சாவி கொடுத்தது, 54,000 ரூபாய் அட்வான்ஸ் பாக்கி, இத்தனை நாளுக்குள் தர வேண்டும், பணம் அனுப்ப வங்கிக் கணக்கு, உங்கள் இப்போதைய முகவரி. தமிழ்நாட்டில் 2019இலிருந்து நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம், அட்வான்ஸை வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள், முறையான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்கிறது. அதையும் குறிப்பிடுங்கள். தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

அதே கடிதத்தை மூன்று வழியில் அனுப்புங்கள். ஒன்று தஞ்சாவூர் முகவரிக்கே மறுபடியும். திரும்பி வரும் என்று தெரிந்தாலும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் அக்ரிமென்ட் சொல்வது அதுதான். இரண்டாவது ஷார்ஜா முகவரிக்கு. மூன்றாவது, கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து, அவர் ஏற்கனவே உங்களோடு பேசிய அதே வாட்ஸ்அப் எண்ணுக்கும், மின்னஞ்சல் தெரிந்தால் அதற்கும். இந்தக் கடிதத்தை நீங்களே எழுதலாம், ஆனால் வக்கீல் கையெழுத்தோடு போனால் பல ஓனர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

தபால் நிலையத்தில் ஒரு விஷயம். பழைய பதிவுத் தபாலை அஞ்சல் துறை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. அக்ரிமென்ட்டுகளில் இன்னும் 'பதிவுத் தபால்' என்றுதான் இருக்கிறது. அதனால் கவுன்டரில் வெறுமனே ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லாமல், 'ஸ்பீட் போஸ்ட், பதிவு வசதியோடு, ஒப்புகையும் வேண்டும்' என்று கேளுங்கள். பதிவு வசதி சேர்த்தால் முகவரியில் பெயர் உள்ளவரிடம் அல்லது அவர் அதிகாரம் கொடுத்தவரிடம்தான் தருவார்கள். ரசீதில் உள்ள முகவரியும் பின்கோடும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இணையத்தில் தபாலின் நகர்வு தெரியும் பக்கத்தைச் சேர்ந்த அன்றோ திரும்பிய அன்றோ அச்செடுத்து வையுங்கள். அந்தத் தகவல் நாளாக ஆகக் கிடைக்காமல் போய்விடும்.

வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்யும்போது, எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்பதற்கு ஒரு சான்று இணைக்க வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

இப்போது உங்கள் புது வீடு. கையெழுத்துப் போடுவதற்கு முன், அக்ரிமென்ட்டின் முதல் பத்தியில் ஓனருக்கு எந்த முகவரி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டைப் செய்பவர் ஆதாரில் இருப்பதைப் பார்த்து அடித்துவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் ஓனர்களின் ஆதாரில், நீங்கள் குடியேறப்போகும் அதே வீட்டின் முகவரி இருப்பதும் உண்டு. அப்படியானால் நீங்கள் அவருக்கு அனுப்பும் நோட்டீஸ் உங்கள் வாசலுக்கே வரும். 'உங்களுக்குத் தபால் கிடைக்கக்கூடிய முகவரியைத் தாருங்கள்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். சென்னையில் ஒரு உறவினரின் முகவரி, அவர் பெயரோடு, 'இவர் வாங்கினால் நான் வாங்கியதற்குச் சமம்' என்ற வாசகத்தோடு இருந்தால் இன்னும் நல்லது.

மின்னஞ்சலை முகவரிப் பிரிவில் சேர்ப்பது இந்தக் காலத்தில் புத்திசாலித்தனம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 13இல் இதற்கு ஒரு நுட்பமான விதி இருக்கிறது. இருவரும் ஒரு குறிப்பிட்ட மின்னஞ்சலை இதற்கென்று குறித்திருந்தால், செய்தி அந்தப் பெட்டிக்குள் நுழைந்த நேரமே அது கிடைத்த நேரம். அவர் திறந்து பார்த்தாரா என்பது பொருட்டில்லை. குறித்ததை விட்டுவிட்டு அவருடைய வேறொரு மின்னஞ்சலுக்கு அனுப்பினால், அவர் எடுத்துப் பார்க்கும்போதுதான் கிடைத்ததாகும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை இதுதான் நிலை. ஆகவே அலுவலக மின்னஞ்சல் வேண்டாம். வேலை மாறினால் அது மூடப்பட்டுவிடும்.

நான் எழுதித் தரும் பிரிவு ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'இந்த ஒப்பந்தம் தொடர்பான எந்த நோட்டீஸும் எழுத்தில், கையொப்பத்துடன், கீழே குறித்த தபால் முகவரிக்குப் பதிவு வசதியுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டிலோ, கீழே குறித்த மின்னஞ்சலுக்குக் கையொப்பமிட்ட நகலாகவோ, நேரில் கொடுத்து ஒப்புதல் பெற்றோ தரப்படலாம். தபாலில் அனுப்பியது, சேர்த்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும். முகவரியோ மின்னஞ்சலோ மாறினால் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும்வரை முன்பு குறித்ததற்கு அனுப்புவதே போதுமானது. வாடகைதாரர் காலி செய்த பின் அவருக்கான முகவரி, சாவி ஒப்படைக்கும்போது அவர் எழுதித் தரும் முகவரியே.'

அந்த 'ஐந்தாம் நாள்' என்பதைச் சும்மா கடந்துவிடாதீர்கள். ஆகஸ்ட் 31 அன்று காலி செய்ய நினைக்கிறீர்கள், இரண்டு மாத நோட்டீஸ், அதுவும் மாத முடிவில்தான் முடிய வேண்டும் என்று அக்ரிமென்ட் சொல்கிறது என்று வையுங்கள். நோட்டீஸ் ஜூன் 30க்குள் கிடைத்திருக்க வேண்டும். ஜூன் 28 அன்று தபாலில் போட்டால், மேலே உள்ள பிரிவுப்படி அது ஜூலை 3 அன்றுதான் கிடைத்ததாகும். இரண்டு மாதம் செப்டம்பர் 3 வரை ஓடும், மாத முடிவு என்பதால் செப்டம்பர் 30 வரை வாடகை கேட்பார்கள். ஜூன் 20 அன்று போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே 28 அன்று மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாலும் தப்பித்திருப்பீர்கள்.

மாதிரிப் பிரிவின் கடைசி வாக்கியம் வாடகைதாரரின் பாதுகாப்புக்காகச் சேர்த்தது, பெரும்பாலான அக்ரிமென்ட்டுகளில் அது இருக்காது. ஓனரின் முகவரியைப் பற்றிக் கவலைப்படும் நாம் நம்முடையதை மறந்துவிடுகிறோம். வாடகைதாரரின் முகவரி என்று எழுதியிருப்பது எது? அந்த வாடகை வீடுதான். குடியிருக்கும்வரை சரி. வாடகை பாக்கி என்று ஓனர் அனுப்பும் நோட்டீஸ் அங்கே வந்த நாளிலிருந்து உங்களுக்குக் கெடு ஓடத் தொடங்கும். தமிழ்நாட்டுச் சட்டத்தில், இரண்டு மாத பாக்கிக்கு நோட்டீஸ் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அதுவே காலி செய்யச் சொல்லி வழக்குப் போடக் காரணமாகும். ஆனால் காலி செய்த பிறகு? பெயின்ட் செலவு, குழாய் ரிப்பேர், மின் கட்டண பாக்கி என்று அவர் கணக்குப் போட்டு அனுப்பும் கடிதம், நீங்கள் விட்டுப்போன வீட்டுக்கே போகும். அதை வாங்குவது புதிதாகக் குடிவந்தவராகவோ, ஓனரின் ஆளாகவோ இருக்கலாம். வழக்கே போட்டு, சம்மனும் அதே முகவரிக்குப் போய், உங்களுக்குத் தெரியாமல் ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேராதிருந்தால் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாளைக் கணக்கிடுவார்கள் என்றாலும், எப்போது தெரிந்தது என்று காட்டும் பாரம் உங்களுடையது.

வீட்டு வாடகையைத் தாண்டியும் இதே பிரிவு வருவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்ட் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இதைப் பார்க்க வேண்டும். 'முடிவதற்கு 30 நாள் முன் நோட்டீஸ் தராவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று இருக்கும். வேண்டாம் என்ற கடிதத்தைச் சர்வீஸுக்கு வந்த டெக்னீஷியனிடமோ உள்ளூர் கிளையிலோ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் முகவரி தலைமை அலுவலகம் என்று இருந்தால் அது சேர்ந்ததாகாது, அடுத்த வருடத்துக்கான பில் வந்து நிற்கும்.

உங்கள் பழைய ஓனருக்கு எழுதும் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். சாவி வாங்கிய தம்பியிடம், 'ஏப்ரல் 30 அன்று சாவி பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள். எழுதித் தர மாட்டார் என்று தோன்றினால், 'அன்று உங்களிடம் சாவி கொடுத்தோமே அண்ணா, வீட்டில் எல்லாம் சரியாக இருந்ததா?' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அவர் தரும் பதிலும் உங்களுக்கு ஒரு சாட்சிதான்.